ஹாப்பர் கொள்ளளவு: சராசரி போட்டால் ஐந்து மூட்டை இடிக்கும்

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு எங்கள் பட்டறையில் நெல் ஹாப்பர் அடித்துக் கொடுக்கிறோம். மேல்வாய் பெரிய சதுரம், கீழ்வாய் சிறிய சதுரம். பள்ளிக்கூடக் கணக்கில் இதைப் பிரமிடின் இடைக்கண்டம் என்பார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணாச்சி, மேல் பரப்பையும் கீழ் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி உயரத்தால பெருக்கினா போதும்லா?" என்று கேட்டான். முதல் வருடம் ஒரு ஹாப்பருக்கு நானும் அப்படித்தான் போட்டேன்.

பரப்புகளைச் சராசரி எடுப்பது

அந்த ஹாப்பரின் மேல்வாய் 2 மீட்டர் சதுரம், அதாவது 4 சதுர மீட்டர். கீழ்வாய் 0.4 மீட்டர் சதுரம், 0.16 சதுர மீட்டர். உயரம் 1.5 மீட்டர். சராசரி 2.08, உயரத்தால் பெருக்கினால் 3.12 கன மீட்டர். நெல் கன மீட்டருக்குச் சுமார் 580 கிலோ என்று வைத்து, 75 கிலோ மூட்டையில் 24 பிடிக்கும் என்று ஆலைக்காரரிடம் சொல்லிவிட்டேன். 19 மூட்டை கொட்டியதுமே விளிம்பு தட்டியது. "மிச்ச அஞ்சு மூட்டையை எங்கடே கொட்ட?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சரியான கணக்கு இது:

```
V = h/3 × (A1 + A2 + √(A1 × A2))
  = 1.5/3 × (4 + 0.16 + 0.8)
  = 2.48
```

கீழே போகப் போகப் பக்கம் ஒரே சீராகக் குறைகிறது. பரப்போ பக்கத்தின் வர்க்கமாகக் குறைகிறது. பாதி உயரத்தில் டேப் வைத்துப் பாருங்கள்: பக்கம் 1.2 மீட்டர், பரப்பு 1.44 தான். சராசரி சொன்ன 2.08 அங்கே இல்லை. அதற்காக நடுப்பரப்பை மட்டும் உயரத்தால் பெருக்கினாலும் தப்பு, 2.16 என்று குறைத்துக் காட்டும். உண்மையான கொள்ளளவு இந்த இரண்டுக்கும் இடையில்தான் விழ வேண்டும். நான் விடையைச் சரிபார்ப்பதும் இப்படித்தான். வாய்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் சராசரியில் பெரிய பிழை வராது. ஆனால் ஹாப்பர் என்றாலே கீழ்வாய் குறுகல்தானே!

கூட்டிவிட்டு வர்க்கமூலம் எடுப்பது

பெருக்கிய பிறகே மூலம். கூட்டி எடுத்தால் ஏறக்குறைய 3.1 வரும், சராசரி விடையோடு ஒத்துப்போவதால் இரண்டும் சரி என்று தோன்றிவிடும்.

சரிவை உயரமாக எடுப்பது

தகட்டின் நடுவே சரிவாக டேப் பிடித்தால் 1.7 மீட்டர் காட்டும். அதைப் போட்டால் கொள்ளளவு 2.81 ஆகிவிடும். மேல்வாயின் குறுக்கே ஒரு சட்டம் வைத்து, நடுவில் தூக்குக்குண்டைக் கீழ்வாய் மட்டம் வரை இறக்கி, அந்த நூலை அளந்துகொள்ளுங்கள்.

அடியும் மீட்டரும்

ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.