ஹீட்டரில் 80, தெர்மாமீட்டரில் 27: மீன் தொட்டிச் சூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் மீனோடு சேர்த்து வாங்கி வரும் ஹீட்டரின் தலையில் ஒரு திருகு இருக்கும், அதைச் சுற்றி எண்கள் இருக்கும். சிலவற்றில் 20 முதல் 34 வரை, சிலவற்றில் 68 முதல் 93 வரை. முதலாவது செல்சியஸ், இரண்டாவது பாரன்ஹீட். இரண்டும் ஒரே அளவுதான், எழுதியிருக்கும் விதம்தான் வேறு. நம் தெர்மாமீட்டர் பெரும்பாலும் செல்சியஸில் காட்டும், மீன் வளர்ப்பு பற்றிப் படிக்கும் குறிப்புகளில் பாதி பாரன்ஹீட்டில் இருக்கும். தவறுகள் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் மீனுக்கு என்ன வேண்டும் என்பது. கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், அதாவது 75 முதல் 82 பாரன்ஹீட் ஒத்துவரும். பல வகையும் கலந்த தொட்டி என்றால் 26-ல் (79 பாரன்ஹீட்) நிறுத்தலாம். டிஸ்கஸுக்கு மட்டும் 28 முதல் 30 வரை வேண்டும். கோல்டு ஃபிஷ் இந்தக் கூட்டத்தில் சேராது. அது குளிர்ந்த நீர் மீன், அதன் தொட்டிக்கு ஹீட்டரே தேவையில்லை.

இனி கணக்கு. பலர் சொல்லும் குறுக்குவழி "இரண்டால் பெருக்கி 30 கூட்டு" என்பது. வெளியே எவ்வளவு வெயில் என்று பேசுவதற்கு அது போதும், மீனுக்குப் போதாது. டிஸ்கஸுக்கு 30 டிகிரி வைக்க நினைத்து இந்த வழியில் போட்டால் 90 பாரன்ஹீட் வரும். உண்மையான விடை 86. திருகை 90-ல் வைத்தால் தண்ணீர் 32-ஐத் தாண்டிப் போகும். 10 டிகிரியில் சரியாக இருக்கும் இந்தக் குறுக்குவழி, சூடு ஏற ஏற அதிகமாகப் பிசகும். மீன் தொட்டி இருப்பதோ அந்தப் பிசகும் பக்கத்தில். சரியான சூத்திரம் இது:

```
F = C × 1.8 + 32
C = (F − 32) ÷ 1.8
```

மனக்கணக்காகவே போட வேண்டுமென்றால் 25 என்பது 77 என்று ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கிருந்து 5 செல்சியஸ் ஏறினால் 9 பாரன்ஹீட் ஏறும், இறங்கினாலும் அதே. ஆக 20 என்றால் 68, 30 என்றால் 86. இடையில் உள்ளதற்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 1.8 கூட்டினால் போதும்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு, கணக்கு நன்றாக வருபவர்களே இதில் மாட்டுவார்கள். வெப்பநிலையை மாற்றுவது வேறு, வெப்பநிலை வித்தியாசத்தை மாற்றுவது வேறு. வித்தியாசத்தை மாற்றும்போது அந்த 32-ஐத் தொடவே கூடாது.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இப்போது 78 பாரன்ஹீட். நாளுக்கு 2 டிகிரி வீதம் நான்கு நாளில் 86-க்கு ஏற்றச் சொல்கிறது ஒரு குறிப்பு. போனில் "2°F" என்று தட்டினால் மைனஸ் 16.7 என்று வரும். அது அபத்தம் என்று பார்த்தவுடனே தெரிவதால் ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த படியில்தான் இருக்கிறது. "சரி, 2 டிகிரி என்றால் 2 டிகிரிதானே" என்று செல்சியஸ் திருகை நாளுக்கு இரண்டு கோடு தள்ளுகிறோம். 78 பாரன்ஹீட் என்பது 25.6 செல்சியஸ். நான்கு நாளில் 8 செல்சியஸ் ஏறி 33.6-ல் போய் நிற்கும். போக வேண்டிய இடமோ 30. சரியாகச் செய்தால் 2 பாரன்ஹீட் வித்தியாசம் என்பது 2 ÷ 1.8, அதாவது 1.1 செல்சியஸ். நாளுக்கு ஒரு கோட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சூடு கூடினால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும், 30-ல் சுமார் 7.6 தான். அதனால் ஏற்றத் தொடங்கும் முன்பே ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஏற்றுவதை அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கணக்கு சரியாக வந்தாலும் திருகு பொய் சொல்லலாம். விலை குறைந்த ஹீட்டர்களில் ஒன்றிரண்டு டிகிரி தள்ளிக் காட்டுவது சகஜம். திருகில் உள்ள எண்ணை நம்பாமல், ஹீட்டருக்கு எதிர்ப்பக்க மூலையில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். (கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர், அறையின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு காட்டும். இதற்கு அது ஆகாது.) திருகை 80 பாரன்ஹீட்டில் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். நமக்கு வேண்டியது 27, ஆனால் தெர்மாமீட்டர் 28.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகம் இருப்பது 1.5 செல்சியஸ். இதுவும் வித்தியாசம்தான், எனவே 1.5 × 1.8 = 2.7. திருகை 80-லிருந்து 77-க்கு அருகில் இறக்கி, இன்னொரு நாள் கழித்துப் பாருங்கள். இனி இந்த ஹீட்டரில் 77 என்றால் 27 என்று ஒரு துண்டு டேப்பில் எழுதித் தொட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.

அவசரப்பட்டு அரை மணிக்கு ஒருமுறை திருகைத் தள்ளக் கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 50 வாட் ஹீட்டருக்கு, வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமலே, 70 நிமிடம் ஆகும். "இன்னும் ஏறவில்லையே" என்று மேலும் மேலும் தள்ளியவர்களின் தொட்டிதான் விடிகாலையில் கொதிப்பாக இருக்கும்.

இந்தச் சோதனையை மே மாதத்தில் செய்து பயனில்லை. ஹீட்டர் சூடாக்கத்தான் செய்யும், குளிர வைக்காது. அறை 33-ல் இருக்கும்போது தண்ணீரும் 31, 32 என்று நிற்கும். திருகை 26-ல் வைத்தாலும் 20-ல் வைத்தாலும் விளக்கு எரியாது, தண்ணீரும் இறங்காது. சென்னையில் ஹீட்டருக்கு உண்மையான வேலை மார்கழி, தை இரவுகளிலும் விடாத மழை நாட்களிலும்தான். இன்னொன்று, ஏசி போட்ட படுக்கையறையில் இருக்கும் தொட்டி. இரவு முழுக்க 23, பகலில் ஏசி நின்றதும் 31 என்று அறை ஆடினால், தண்ணீரும் கொஞ்சம் பின்னாலேயே ஆடும். அங்கே ஆண்டு முழுக்க ஹீட்டர் இருக்கட்டும், 26-ல்.

கத்திரி வெயிலில் ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடுவது, ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து மீனைத் திணறடிக்கும். மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் மெதுவாக இறங்கும், நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரிரண்டு டிகிரிதான் என்றாலும். ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடு கட்ட வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து மதியம் நேராகப் பிடிக்காதீர்கள். 27 டிகிரியில் உள்ள 35 லிட்டரோடு 37 டிகிரித் தண்ணீர் 15 லிட்டர் சேர்ந்தால் தொட்டி ஒரே மூச்சில் 30-க்கு ஏறிவிடும். முந்தின இரவே வாளியில் பிடித்து வைத்து, குளோரினை நீக்கும் மருந்து கலந்து, மறுநாள் காலையில் ஊற்றலாம். தண்ணீர் மாற்றும் நாளில் ஹீட்டரின் பிளக்கைக் கால் மணி நேரம் முன்பே பிடுங்கிவிடுங்கள். ஹீட்டரின் சூடான கண்ணாடிக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தபடி இருக்க, அதன் மேல் புதுத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.