யாரும் அளக்காமல் விட்டது எது?

தருமபுரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்றிய என் ஆய்வு முன்மொழிவு, "இந்த ஒன்றியத்தில் யாரும் ஆராயவில்லை என்பது மட்டும் காரணமாகாது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சரி என்று, சேர்த்து வைத்திருந்த கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் எதை அளந்தார்கள், எதை அனுமானித்தார்கள் என்று அட்டவணை போட்டேன். அனுமானப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. நீரில் எவ்வளவு ஃபுளோரைடு என்பதை அளந்திருந்தார்கள். ஒருவர் குடிக்கும் அளவைப் பெரும்பாலும் நாளுக்கு 2 லிட்டர் என்றே வைத்திருந்தார்கள்.

வெயிலில் கூலி வேலை செய்பவர் 4 லிட்டர் குடித்தால்? லிட்டருக்கு 1 மி.கி. உள்ள நீரிலேயே 4 மி.கி. உள்ளே போகும். லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற உச்ச வரம்பில் உள்ள நீரை 2 லிட்டர் குடிப்பவருக்கோ 3 மி.கி.தான். இந்தக் கணக்கை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே வைத்து, வீடுவீடாகக் குடிக்கும் அளவை அளப்பதை நோக்கமாக்கினேன். அப்புறம், அந்தக் கட்டுரைகளை எந்தச் சொற்களால், எந்தத் தேதியில் தேடினேன் என்பதையும் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.