சண்டை இசையை ஸ்டெம்களாகப் பிரிக்கும்போது

கேமில் எதிரி கூடக்கூட இசையும் சூடேற வேண்டுமென்றால், டிரம்ஸ் ஸ்டெம்மை, அதாவது டிரம்ஸ் மட்டும் உள்ள தனி ஃபைலை, தேவைப்படும் நேரத்தில் புதிதாக ப்ளே செய்யாதீர்கள், ஒரு நொடியின் சிறு பகுதி பிசகினாலும் தாளம் இரட்டையாகக் கேட்கும். எல்லா ஸ்டெம்களையும் முதலிலேயே ஒன்றாக ஓடவிட்டு, வேண்டாததன் வால்யூமை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள்.

அதற்கு எல்லா ஃபைலும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 120 பிபிஎம்மில் நான்கு தட்டு கொண்ட 16 பார் என்றால் சரியாக 32 நொடி. எம்பி3 வேண்டாம், ஓரத்தில் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். வேவ் அல்லது ஆக் போதும்.

அப்புறம் ரிவெர்ப். 32 நொடியில் வெட்டினால் கடைசி அடியின் எதிரொலி பட்டென்று அறுந்து, லூப் திரும்பும் இடம் காட்டிக்கொடுத்துவிடும் (நானே பல நாள் இதை டிரம்ஸ் கோளாறு என்று நினைத்துத் தேடியிருக்கிறேன்). லூப்பை இரண்டு முறை அடுத்தடுத்து ஓடவிட்டு 64 நொடிக்கு ரெண்டர் செய்து, இரண்டாவது பாதியை மட்டும் வெட்டி எடுங்கள், முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்திலேயே கலந்திருக்கும்.

மொத்த ஒலியின் உச்சத்தை அடக்கும் மாஸ்டர் லிமிட்டரை அணைத்துவிட்டே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டெம்மும் தனித்தனியாக நசுங்கும், சேர்த்துக் கேட்டால் உங்கள் மிக்ஸாகவே இருக்காது.

வால்யூமை ஏற்ற அரை நொடி போதும், இறக்க நான்கு நொடியாவது கொடுங்கள்.