விக்கலை அசைவென்று எண்ணாதீர்கள்

போன வாரம் முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 36 வாரக் கர்ப்பிணி, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். “பிள்ளை அசைவு எப்படிளா இருக்கு?” என்றேன். “நல்லா இருக்குக்கா. நேத்து ராத்திரி விடாம டிக் டிக்குன்னு துடிச்சுது” என்றாள். எனக்குப் பகீரென்றது. என் தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நானும் இதையேதான் சொன்னேன். அதுவும் செவிலியர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு. அசைவு பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விக்கலைக் கணக்கில் சேர்ப்பது

ஒரே இடத்தில், ஒரே தாளத்தில், கடிகாரம் போல சில நிமிடம் வந்து நின்றால் அது விக்கல். பிள்ளையின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை தானாகச் சுருங்குவதால் வருவது. ஆறு, ஏழு மாதத்திலிருந்து பலருக்குத் தெரியும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறைகூட வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது பிள்ளை தானாகக் கையைக் காலை வீசுவதல்ல. அதனால், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வருகிறதா என்று பார்க்கும் கணக்கில் அது சேராது.

எனக்கு அப்போது 37ஆவது வாரம். மத்தியானத்திலிருந்தே அசைவு மந்தம். மாமியார் சில்லென்று நன்னாரி சர்பத் கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு விக்கல் வந்தது. நாற்பது வரைக்கும் எண்ணிவிட்டு, ‘பத்துக்குப் பதில் நாற்பது’ என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலையில் ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். 40 நிமிடம் ஆகியும் கோடு ஏறி இறங்காமல் தட்டையாகவே ஓடியது. பனிக்குட நீரும் குறைந்திருந்தது. உடனே ஆபரேஷன். பிள்ளை பிழைத்தான், ஆனால் ஐந்து நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கிடந்தான். ஆக்சிஜன் பற்றாத பிள்ளை சக்தியை மிச்சம் பிடிக்க முதலில் கைகால் அசைவைத்தான் குறைக்கும். நான் அதைக் கவனிக்காமல் விக்கலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

சரி, முக்கூடல் பெண்ணுக்கு வருவோம். முறத்தை ஓரமாக வைக்கச் சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மணி 4:10. முதல் 35 நிமிடம் ஒன்றுமே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. அது தூக்கம். பிள்ளைகள் வயிற்றுக்குள் 20 முதல் 40 நிமிடம் வரை அசையாமல் தூங்கும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். அதனால்தான் இரண்டு மணி நேரம் பார்க்கச் சொல்கிறோம். 4:45க்கு ஓர் உருளல், அப்புறம் இரண்டு உதை, ஒரு நெளிவு. நடுவில் ஆறு நிமிடம் விக்கல். அதை விட்டுவிட்டோம். 5:25க்குப் பத்து முடிந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது.

28 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் இப்படிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பத்து என்பது பாஸ் மார்க்கும் அல்ல. தினமும் கால் மணியில் பத்து உதைக்கிற பிள்ளை இன்றைக்கு இரண்டு மணி நேரத்தை இழுத்தடித்தால் அதுவும் மாற்றம்தான். அசைவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டுவிட்டால் பத்து வரை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

‘கடைசி மாதம் இடமில்லை, அதான் அசையல’

எல்லா ஊர் ஆச்சிகளும் சொல்வது. பாதிதான் சரி. அசைவு ஏறத்தாழ 32 வாரம் வரை கூடிக்கொண்டே போகும், அதற்கப்புறம் பிரசவம் வரை அநேகமாக அதே அளவில் நிற்கும். இடம் நெருக்கமாவதால் மாறுவது விதம். ‘பொளேர்’ என்ற உதை போய் உருளலும் முட்டலும் வரும், விலா எலும்பில் குதிகால் அழுத்தும். இடுப்பு வலி வரும் நேரத்திலும் அசைவு இருக்க வேண்டும்.

வேலைக்கு நடுவே எண்ணுவது

பீடிக் கணக்கு முடிய வேண்டிய அவசரத்தில் பாதி உதை தெரியவே தெரியாது. சாயங்காலமும் ராத்திரியும் பிள்ளை அதிகம் துள்ளும். அப்போது படுத்துக் கவனியுங்கள்.

பக்கத்து வீட்டு மைனியோடு ஒப்பிடுவது

நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தால், முக்கியமாக 28 வாரத்துக்கு முன், அசைவு மெத்தைக்கு அடியிலிருந்து வருவது போல மங்கலாகத் தெரியும். ஸ்கேன் அறிக்கையில் போட்டிருக்கும். உங்கள் பிள்ளையின் இன்றைய நாளை அதன் நேற்றைய நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

விடியட்டும் என்று இருப்பது

கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் 108.

வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவி

வாங்காதீர்கள். தாயின் நாடியையே பிள்ளையின் துடிப்பென்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடலாம், நான் தூங்கியது போல.