மண்ணீரல் ஸ்லைடில் பழுப்புத் துகள்: இரும்பா, ஃபார்மலினா?

எச்&ஈ ஸ்லைடில் பழுப்பு கலந்த கறுப்புத் துகள் தெரிந்தால், உடனே ஹீமோசிடெரின் என்று எழுதிவிடாதீர்கள். எம்எல்டி வைவாவில் பலர் சறுக்கும் இடம் இது. பஃபர் சேர்க்காத ஃபார்மலின் நாள்பட ஃபார்மிக் அமிலமாக மாறும். அது ஹீமோகுளோபினோடு சேர்ந்தால் ஃபார்மலின் பிக்மென்ட் படியும். ரத்தம் நிறைந்த மண்ணீரலில் இது அதிகம்.

பெர்ல்ஸ் சாயம் போடுங்கள். 2% பொட்டாசியம் ஃபெரோசயனைடும் 2% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு, அப்போதே கலந்து, 20 நிமிடம். ஹீமோசிடெரின் என்றால் நீலமாகும். ஃபார்மலின் பிக்மென்ட் நிறம் மாறாது, போலரைசரில் பளிச்சிடும். கூடவே ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடு கட்டாயம். காய்ச்சி வடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். சென்னை போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பொய்யான நீலம் காட்டும்.

நீலம் வராததை மட்டும் நம்பக் கூடாது. அமில ஃபார்மலினில் கிடந்த திசுவில் இரும்பே கரைந்து போயிருக்கலாம். அதனால் பாரஃபின் நீக்கிய இன்னொரு செக்‌ஷனை, ஆல்கஹாலில் தயாரித்த செறிவான பிக்ரிக் அமிலத்தில் அரை மணி முதல் 2 மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவிப் பாருங்கள். துகள் மறைந்தால் ஃபார்மலின்தான். மலேரியா பிக்மென்ட்டும் இதில் கரையும், ஆனால் பல மணி நேரம் பிடிக்கும்.

ஃபார்மலின் பிக்மென்ட் வராமல் தடுக்க, பஃபர் சேர்த்த ஃபார்மலின் தயாரியுங்கள்: 40% ஃபார்மால்டிஹைடு 100 மிலி, காய்ச்சி வடித்த தண்ணீர் 900 மிலி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். மண்ணீரலை 3–4 மிமீ துண்டாக வெட்டி, திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு திரவத்தில் போடுங்கள்.