மகளின் காலேஜ் அட்மிஷனுக்கு இருப்பிடச் சான்று கேட்டு வில்லேஜ் ஆபீசருக்குக் கடிதம் எழுதுவது எப்படி

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. போன வருஷம் அக்கா மகளுக்காக நான்தான் இந்தக் கடிதத்தை எழுதினேன், முதல் தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் காலேஜ் கேட்பது எந்தச் சான்று என்று பாருங்கள். கேரளாவில் பிறந்தவர் என்று காட்டுவது நேட்டிவிட்டி. இப்போது இங்கே குடியிருக்கிறார் என்று காட்டுவது ரெசிடென்ஸ். அக்கா மகள் பிறந்தது பொள்ளாச்சியில், அவளிடம் காலேஜ் கேட்டது ரெசிடென்ஸ்தான். ப்ராஸ்பெக்டஸில் அந்த வரியை அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள்.

அடுத்து, பெயர். ஆதாரில் எப்படி இருந்தாலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே இனிஷியல் உட்பட எழுதுங்கள், ஏனென்றால் காலேஜில் அதை வைத்துத்தான் ஒத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் கடிதம் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரே வரி. "நீண்ட காலமாக வசித்து வருகிறோம்" என்று எழுதியிருந்தேன். எவ்வளவு காலம், எந்த வீடு என்று அதில் ஒன்றுமே இல்லை, அவர் எதை வைத்து விசாரிப்பார்? அப்புறம் இப்படி மாற்றினேன்:

"பெறுநர்: வில்லேஜ் ஆபீசர் அவர்கள். பொருள்: மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று வேண்டுதல். ஐயா, நான் இந்த வில்லேஜில் வார்டு 7, வீட்டு எண் 212-இல் 2017 ஜூன் முதல் வாடகைக்குக் குடியிருக்கிறேன். என் மகளும் அன்று முதல் என்னுடன் இதே வீட்டில் வசிக்கிறாள். அவளுடைய பி.எஸ்சி. சேர்க்கைக்கு இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் சான்று தர வேண்டியுள்ளதால், விசாரித்து வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே கையெழுத்து, தேதி, போன் நம்பர், இணைத்திருக்கும் நகல்களின் பெயர்கள். நாங்கள் வைத்தது ரேஷன் கார்டு, இருவர் ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் பெயரில் கரண்ட் பில் இருந்தால், நீங்கள் அங்கே குடியிருப்பதாக அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு பிரித்ததில் வீட்டு எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். ரேஷன் கார்டில் ஒன்றும் கடிதத்தில் வேறொன்றும் இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

தமிழில் எழுதலாமா? எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. சித்தூர் அப்படிப்பட்ட பகுதிதான். தயங்காமல் எழுதுங்கள்.

விண்ணப்பத்தை அக்ஷயா மையத்தில் ஆன்லைனில் பதிந்துவிட்டு, ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணைக் கடிதத்தின் மேல் மூலையில் பேனாவால் எழுதி வில்லேஜ் ஆபீசில் கொடுங்கள். பக்கத்து வீட்டில் விசாரிக்க வந்தாலும் வருவார்கள், முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சான்று கையில் கிடைத்ததும் அங்கே நின்றபடியே பெயர், இனிஷியல், வீட்டு எண் மூன்றையும் படித்துப் பாருங்கள்.