போன் உறையில் கார்டையும் வைத்திருந்தேன்

உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் போன் இல்லை என்று தெரிந்தது. உறைக்குள் டெபிட் கார்டும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்தது என் மடத்தனம். கார்டு எண் ஒருவர் கையில், ஓடிபி வரும் சிம்மும் அதே கையில்.

தம்பியின் போனிலிருந்து என் எண்ணுக்கே அரை மணி நேரம் அடித்து வீணாக்கினேன். அப்புறம் வீட்டுக்கு ஓடி, பழைய வங்கிக் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். கார்டை நிறுத்திவிட்டார்கள். சரி, முடிந்தது என்று வைக்கப் போனேன். "போனில் வங்கிச் செயலி இருக்கிறதா அண்ணா?" என்று வங்கியில் பேசிய பிள்ளை கேட்டதால் தப்பினேன். கார்டை நிறுத்தினாலும் செயலி வழியாகப் பணம் போகலாம். அதையும் தனியாக முடக்கச் சொன்னேன்.

அடுத்தது சிம். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். அதனால் அன்றிரவே சிம் நிறுவனத்துக்கு அழைத்து அதை நிறுத்தினேன். மறுநாள் பொலிஸில் முறைப்பாடு எழுதி, போன் பெட்டியில் இருந்த ஐஎம்இஐ எண்ணையும் கொடுத்தேன். அடையாள அட்டை கையில் இருந்ததால் அதே எண்ணில் புது சிம் கிடைத்தது.

கணக்கில் 1,850 ரூபாய் குறைந்திருந்தது. நான் அடித்துக்கொண்டிருந்த அந்த அரை மணியில், பின் எண் கேட்காமல் கார்டைத் தட்டியே வாங்கியிருக்கிறார்கள். நேரத்தைக் குறிப்பிட்டு, முறைப்பாட்டுப் பிரதியோடு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புது சிம்மையும் ஒரு பின் எண் போட்டுப் பூட்டியாயிற்று.